இரண்டு மாடு, ஒரு விண்ணப்பம்

கறவை மாட்டுக் கடனுக்காக வங்கிக்கு வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஒரே கணக்கைத்தான் சொல்கின்றன. மாடு இரண்டு, நாளைக்குப் பன்னிரண்டு லிட்டர், லிட்டர் 36 ரூபாய், வருஷத்துக்கு 365 நாள். பெருக்கினால் 3,15,360 ரூபாய். பார்க்க அழகான தொகை. ஆனால் மாடு வளர்த்த குடும்பத்தில் பிறந்த மேலாளராக இருந்தால், இந்த வரியைப் படித்ததுமே தாளை ஓரமாக வைத்துவிடுவார். 365 நாளும் பன்னிரண்டு லிட்டர் கறக்கும் மாடு எந்தச் சந்தைக்கும் வருவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

கன்று ஈன்ற புதிதில் ஒரு மாடு பதின்மூன்று, பதினான்கு லிட்டர் கறக்கலாம். ஆறாம் மாதம் அது எட்டுக்கு இறங்கும். பத்து மாதம் போனால் வற்ற விட்டாக வேண்டும். அடுத்த கன்றுக்கு மடி தயாராக அந்த ஓய்வு தேவை. சினை ஊசி முதல் தடவையிலேயே நிற்காவிட்டால் வற்றுக்காலம் இன்னும் நீளும். எனவே ஒரு சுற்று என்பது 300 நாள் கறவை, 100 நாள் வற்று, ஆக 400 நாள் என்று வைப்பதே நேர்மையான கணக்கு. கறவை நாட்களின் சராசரி பத்து லிட்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 3,000 லிட்டர். அதை வருஷத்துக்குச் சுருக்கினால் மாட்டுக்குச் சுமார் 2,700 லிட்டர்தான் வரும்.

இந்த ஒரு திருத்தம் போதும், திட்ட அறிக்கையின் முகமே மாறிவிடும்.

ஒரு மாதிரியை வைத்தே பார்க்கலாம். பவானிப் பக்கம் கிராமம் ஒன்றில் இருக்கும் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கிணற்றுப் பாசனத்தில் சொந்தமாக ஓர் ஏக்கர். வீட்டில் ஏற்கெனவே ஒரு நாட்டு மாடு. பால் சொசைட்டி நடக்கும் தூரத்தில். வீட்டுப் பெண்மணியின் பெயரில் இரண்டு கலப்பினக் கறவை மாடு வாங்கக் கடன் கேட்கிறார்கள். அவர் எழுத வேண்டிய கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை:

“மதிப்பிற்குரிய கிளை மேலாளர் அவர்களுக்கு, வணக்கம். தங்கள் கிளையில் எனக்குச் சேமிப்புக் கணக்கு உள்ளது. இரண்டு கலப்பினக் கறவை மாடுகள் கொண்ட பால் பண்ணை தொடங்க ரூ.1,50,000 கடன் வேண்டி விண்ணப்பிக்கிறேன். மொத்தத் திட்டச் செலவு ரூ.2,00,000. இதில் ரூ.50,000 என் சொந்தப் பணம். மாடு வளர்ப்பில் எனக்கு அனுபவம் உண்டு. எங்கள் நிலத்தில் 25 சென்ட்டில் கம்பு நேப்பியர் புல் நட்டுள்ளேன். எங்கள் ஊர்ப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் நான் உறுப்பினர். பால் பணத்தில் தவணையைப் பிடித்து வங்கிக்கு அனுப்பச் சங்கம் தந்துள்ள ஒப்புதல் கடிதத்தை இணைத்துள்ளேன். முதல் மாட்டை இப்போதும், இரண்டாவது மாட்டை ஆறு மாதம் கழித்தும் வாங்க இருப்பதால், கடனை இரண்டு கட்டமாக வழங்கக் கேட்டுக்கொள்கிறேன். அறுபது மாதத் தவணையில் திருப்பிச் செலுத்துகிறேன். திட்ட விவரம் தனித் தாளில் இணைத்துள்ளேன்.”

குடும்பக் கஷ்டம் பற்றி இதில் ஒரு வரிகூட இல்லை. கடன் கடிதம் என்றதும் வறுமையை விவரிக்கும் பழக்கம் நம்மிடம் ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. மேலாளர் அதைப் படித்து மனம் இளகலாம். ஆனால் அவர் மேலதிகாரிக்குக் காட்ட வேண்டிய தாளில் அந்தக் கஷ்டத்துக்கு இடமில்லை. பணம் எந்த வழியாகத் திரும்பி வரும் என்பதற்குத்தான் இடம் இருக்கிறது.

இந்தக் கடிதத்தில் கனமான வரி, கடனை இரண்டு கட்டமாகக் கேட்கும் வரி. இரண்டு மாட்டையும் ஒரே நாளில் சந்தையிலிருந்து ஓட்டி வந்தால், இரண்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வற்றும். மூன்று மாதத்துக்கு மேல் சொசைட்டியிலிருந்து ஒரு ரூபாய் வராது. ஆனால் தீவனம் போட்டாக வேண்டும், தவணையும் கட்டியாக வேண்டும். கைக்காசிலிருந்து மாதம் ஏழாயிரத்துக்கு மேல் போகும். மாட்டுக் கடன்கள் வாராக் கடனாகும் கதைகளில் பாதி இந்த மூன்று மாதத்தில்தான் தொடங்குகிறது. தவணைக்காக வற்றின மாட்டை விற்றுவிட்டால், அப்புறம் கடன் மட்டும்தான் மிஞ்சும். ஆறு மாத இடைவெளி விட்டு வாங்கினால் ஒன்று வற்றும்போது மற்றொன்று கறவையில் இருக்கும். விண்ணப்பிப்பவரே இதைக் கேட்டுவிட்டால், தொழில் தெரிந்தவர் என்ற எண்ணம் மேலாளருக்கு வந்துவிடும்.

இனித் திட்டத் தாள். மாடு இரண்டுக்கு, ஒன்று 65,000 வீதம், 1,30,000. வீட்டை ஒட்டிக் கொட்டகை இறக்கி, தரைக்குக் காங்கிரீட் போட்டு, மூத்திரம் வடியக் கால்வாய் எடுக்க 30,000. மாட்டுக்கு நாற்பது சதுர அடி கூரை நிழல் இருந்தால் போதும். அதற்கு மேல் பணத்தைக் கொட்டகையில் போடுவது பலரும் செய்யும் பிழை, ஏனென்றால் கொட்டகை பால் கறக்காது. புல் நறுக்கும் இயந்திரம் 22,000. பால் கேன், வாளி, தரை விரிப்பு 6,000. முதல் ஆண்டு காப்பீடும் தொடக்கத் தீவனமும் 12,000. மொத்தம் இரண்டு லட்சம். விலைகள் ஊருக்கு ஊர் மாறும். இயந்திரத்துக்கும் கேனுக்கும் கடைக்காரரிடம் விலைப்புள்ளி வாங்கி இணைக்க வேண்டும். மாட்டு விலையை அந்தப் பகுதிச் சந்தை நிலவரத்தை வைத்து எழுத வேண்டும். ஈரோடு கருங்கல்பாளையம் சந்தைக்குப் போய் வந்தவர் எழுதும் விலைக்கும் வீட்டிலிருந்தே எழுதும் விலைக்கும் வித்தியாசம் இருக்கும்.

வரவு: இரண்டு மாட்டுக்கு 5,400 லிட்டர், லிட்டர் 36 என்றால் 1,94,400 ரூபாய். சொசைட்டி விலை பாலின் கொழுப்பையும் இதரச் சத்தையும் அளந்துதான் போடப்படுகிறது. ஆகவே ஊரில் சென்ற ஆறு மாதம் உண்மையில் பட்டுவாடா ஆன விலையின் சராசரியைப் போடுவதே சரி. விளம்பரத்தில் வரும் உச்ச விலையை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. சாணத்தையும் கிடேரிக் கன்றையும் வரவில் சேர்க்காமல் விட்டால் கணக்கு இன்னும் உறுதியாக நிற்கும்.

செலவில் பெரும் பங்கு அடர்தீவனம். உடம்பைக் காக்க ஒரு பங்கும், இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ வீதம் மேற்கொண்டும் கொடுக்க வேண்டும். பசும்புல் தாராளமாகவும், அதோடு வேலிமசால் போன்ற பயறுவகைத் தீவனமும் இருந்தால், கறவை நாளில் நாலரை கிலோ, வற்று நாளில் ஒன்றரை கிலோ என்று நடத்தலாம். இரண்டு மாட்டுக்கும் வருஷத்துக்குச் சுமார் 2,740 கிலோ, கிலோ 30 ரூபாய் என்றால் 82,000. வைக்கோல், சோளத்தட்டு 17,500. புல்லுக்கு உரம், தண்ணீர் பாய்ச்சும் செலவு 8,000. காப்பீடு, மருத்துவம், சினை ஊசி எல்லாம் சேர்த்து 12,000. ஆக 1,19,500. மிச்சம் ஏறக்குறைய 75,000 ரூபாய். வீட்டு ஆளின் கூலி இதில் கழிக்கப்படவில்லை. சிறு பண்ணையில் அந்த மிச்சம்தான் அவர்களின் கூலி.

ஒன்றரை லட்சம் கடனுக்குப் பத்து சதவீத வட்டியில் ஐந்து வருஷத் தவணை மாதம் 3,190 அளவில் வரும். வருஷத்துக்குச் சுமார் 38,000. கட்ட வேண்டியதைப் போல் மிச்சம் ஏறக்குறைய இரு மடங்கு. வங்கி பொதுவாக ஒன்றரை மடங்கை எதிர்பார்க்கும். மாடு சராசரி எட்டு லிட்டர்தான் கறந்தது என்று வைத்தாலும், தீவனமும் அதற்கேற்பக் குறையும் என்பதால் 48,000 அளவுக்கு மிஞ்சும். நெருக்கடிதான், ஆனால் தவணை தவறாது. இந்த இரண்டாவது கணக்கையும் தாளின் அடியில் எழுதிக் கொடுப்பது நல்லது.

அந்த 25 சென்ட் புல்லை மட்டும் எடுத்துவிட்டால் கணக்கு ஆடிப்போகிறது. பசுந்தீவனம் இல்லாமல் மாட்டுக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ அடர்தீவனம் கூடினாலே வருஷத்தில் 22,000 ரூபாய் போய்விடும். தட்டும் கூடுதலாக வாங்க வேண்டும். மிச்சம் தவணையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதனால்தான் மாடு வாங்குவதற்கு இரண்டு, மூன்று மாதம் முன்பே புல் கரணை நட்டு, வளர்ந்த புல்லைக் கள ஆய்வுக்கு வரும் அதிகாரிக்குக் காட்டும்படி அனுபவசாலிகள் சொல்கிறார்கள். சிட்டா, அடங்கல் நகல்களை ஆதார், பான், ரேஷன் அட்டை நகல்களோடு இணைக்க வேண்டும்.

ஈடு கேட்பார்களா? 2025 ஜனவரி 1 முதல், விவசாயத்துக்கும் அதன் உபதொழில்களுக்கும் ஒருவருக்கு இரண்டு லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. முன்பு இது 1.6 லட்சமாக இருந்தது. நிலப் பத்திரம் வைக்கத் தேவையில்லை. வாங்கும் மாடே வங்கியின் பேரில் பிணையாக இருக்கும். இதே சமயத்தில் ‘நபார்டு மானியம் வாங்கித் தருகிறேன்’ என்று முன்பணம் கேட்டு வரும் தரகர்களிடமும் எச்சரிக்கை வேண்டும். நபார்டு வழியாக மானியம் தந்த பால் பண்ணைத் தொழில் முனைவோர் திட்டம் 2010-ல் தொடங்கியது. அது நின்றுபோய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. நபார்டு தனி ஆளுக்கு நேரடியாகக் கடன் கொடுப்பதும் இல்லை. தீவனச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டால், மாடு வளர்ப்போருக்கும் 2019 முதல் கிடைக்கும் கிசான் கடன் அட்டையைத் தனியாகக் கேட்கலாம். அதன் வட்டி இதைவிடக் குறைவு.

கடன் அனுமதியான பிறகுதான் சந்தை. இரண்டாம் ஈத்து, ஈன்று ஒரு மாதத்துக்குள் இருக்கும் மாடு பாதுகாப்பான தேர்வு. விற்பவர் முந்தின வேளைப் பாலைக் கறக்காமல் மடியைப் பெருக்கிக் காட்டுவது பழைய தந்திரம். அதனால் விற்பவரின் கொட்டகைக்கே போய் மாலை, காலை, மறுபடி மாலை என்று தொடர்ந்து மூன்று வேளை எதிரில் கறந்து பார்த்துத்தான் விலை பேச வேண்டும். நான்கு காம்பிலும் பால் சீராக வருகிறதா, முதல் பீச்சலில் திரி திரியாகக் கட்டி விழுகிறதா என்று கையில் பிடித்துப் பார்த்தால் மடிநோய் தெரிந்துவிடும். கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றும் விலை மதிப்பும் இல்லாமல் காப்பீடு கிடைக்காது.

காப்பீட்டில் காதுத் தோடு மிக முக்கியம். மாடு செத்துவிட்டால் முதலில் கேட்பது அதைத்தான். தோடு இல்லையென்றால் இழப்பீடு இல்லை. வேலியில் மாட்டிக் கழன்று விழுந்தால் அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்கும் வங்கிக்கும் எழுத்தில் தெரிவித்து மறு தோடு போட்டுக்கொள்ள வேண்டும். இந்த ஒரு அலட்சியத்தால் 65,000 ரூபாயை இழந்து, இல்லாத மாட்டுக்குத் தவணை கட்டுகிறவர்கள் உண்டு.

விண்ணப்பத்தைக் கொடுக்கும்போது நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். மறுத்தால், காரணத்தை எழுத்தில் தர வங்கி கடமைப்பட்டிருக்கிறது. ‘பார்க்கலாம்மா, அடுத்த வாரம் வாங்க’ என்ற பதிலோடு திரும்பாமல் அந்தத் தாளைக் கேட்டு வாங்கினால், எந்த இடத்தில் சிக்கியது என்று தெரியும். பல நேரம் அது பழைய நகைக்கடன் பாக்கியாகவோ, சொசைட்டியின் ஒப்புதல் கடிதத்தில் செயலாளர் கையெழுத்து விடுபட்டதாகவோதான் இருக்கும். சரிசெய்து மறுவாரமே திரும்பக் கொடுத்துவிடலாம்.