கால் சுற்று திருப்பியதால் வந்த ஒழுக்கு

எங்கள் வீட்டு மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குளியலறைக்கு இறங்கும் அரை இஞ்ச் ஜி.ஐ. பைப்பில் ஒரு எல்போ ஒழுகத் தொடங்கியது. புதிதாகப் போட்ட வேலை. போட்ட அன்று மாலை பொட்டுத் தண்ணீர் இல்லை. மறுநாள் காலை எல்போவின் கழுத்தில் ஒரு துளி நின்றது. மூன்றாம் நாள் விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்தது. இருபது சொட்டு சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு மில்லி லிட்டர். அந்தக் கணக்கில் ஒரு நாளைக்கு நான்கு லிட்டருக்கு மேல் போகும். தண்ணீர் வீணாவது ஒரு பக்கம் இருக்க, சுவருக்குள் அத்தனை ஈரம் இறங்குகிறதே என்பதுதான் எனக்கு அதிகக் கவலையாக இருந்தது.

டேப் குறைவாகச் சுற்றியிருப்பார்கள் என்றுதான் நான் நினைத்தேன். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைக்கிறோம். சரிசெய்ய வந்த பெரியவர் நாற்பது வருடம் பைப் வேலை பார்த்தவர். எல்போவைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “தம்பி, இத மாட்டும்போது நீங்க பக்கத்துல இருந்தீங்களா? முறுக்கிட்டு, நேராக்கறதுக்குப் பின்னால திருப்புனாங்களா?”

திருப்பினார்கள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எல்போவின் வாய் குளியலறைச் சுவரைப் பார்க்க வேண்டும். ரெஞ்ச் போட்டு இறுக்கியபோது அது கொஞ்சம் தாண்டிப் போய்விட்டது. கால் சுற்று பின்னால் இழுத்து நேராக்கினார்கள்.

அந்தக் கால் சுற்றில் என்ன கெட்டுப்போகும் என்பது புரிய வேண்டுமானால், பைப்பில் வெட்டிய மரை எப்படித் தண்ணீரை நிறுத்துகிறது என்று பார்க்க வேண்டும். போல்ட்டின் மரை அடி முதல் நுனி வரை ஒரே தடிமனில் இருக்கும். பைப்பின் மரை அப்படியல்ல. அது நுனியை நோக்கிக் கூம்பும். 16 மில்லி மீட்டர் நீளத்துக்கு விட்டம் ஒரு மில்லி மீட்டர் குறையும். அதனால்தான் ஆரம்பத்தில் கையாலேயே சுலபமாகத் திரும்புகிற எல்போ போகப் போக இறுகுகிறது. ஆப்பு இறங்குவது போல இரும்பு இரும்புக்குள் நெருக்கி உட்காருகிறது. தண்ணீரை முதலில் நிறுத்துவது இந்த நெருக்கம்தான்.

ஆனால் எவ்வளவு நன்றாக வெட்டிய மரையிலும் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையே மெல்லிய சந்து மிஞ்சும். அந்தச் சந்து மரையோடு சேர்ந்து சுற்றிச் சுற்றி வெளியே வருகிறது. அரை இஞ்ச் பைப்பில் ஒரு சுற்று ஆறரை சென்டி மீட்டர். ஆறு சுற்று பிடித்திருந்தால் தண்ணீர் வெளியே வர சுமார் 40 சென்டி மீட்டர் சுருள்பாதையைக் கடக்க வேண்டும். டேப், சணல், பேஸ்ட் எல்லாவற்றுக்கும் உள்ள வேலை இந்தப் பாதையை அடைப்பதுதான். டேப்புக்குக் கூடுதலாக இன்னொரு வேலையும் உண்டு. அது வழுக்கும். உலர்ந்த இரும்பு சிக்கிக்கொண்டு நின்றுவிடுகிற இடத்தைத் தாண்டி, மரை இன்னும் ஒரு சுற்று உள்ளே போக அது உதவுகிறது.

இப்போது அந்தக் கால் சுற்றுக்கு வருவோம். அரை இஞ்ச் மரை ஒரு முழுச் சுற்றில் 1.8 மில்லி மீட்டர் முன்னேறும். கால் சுற்று பின்னால் வந்தால் கூம்பின் நெருக்கம் விட்டத்தில் சுமார் 0.03 மில்லி மீட்டர் தளரும். தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. ஆனால் தண்ணீருக்கு அது போதும். டேப் ரப்பர் போன்றதல்ல. ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான். நெருக்கம் தளரும்போது விரிந்து வந்து சந்தை நிரப்ப அதனால் முடியாது. பின்னால் திருப்பும்போது அது கிழிந்து ஒரு பக்கமாகச் சுருண்டும் போகும். தொட்டி ஆறு மீட்டர் உயரத்தில் இருந்தால் குழாயில் இருக்கும் அழுத்தம் சதுர சென்டி மீட்டருக்கு 0.6 கிலோதான். அதற்கே அந்தச் சுருள்பாதையில் தண்ணீர் மெல்ல நகர்ந்து மறுநாள் காலை வெளியே எட்டிப்பார்த்துவிட்டது.

எனவே டேப் சுற்றிய மரையை முன்னோக்கி மட்டுமே திருப்ப வேண்டும். தாண்டிவிட்டால், இறுக்கம் இடம் கொடுத்தால் இன்னொரு முழுச் சுற்று போய் நேராக்கலாம். இடம் இல்லையென்றால் முழுக்கக் கழற்றி, பழைய டேப்பைச் சுரண்டி எடுத்து, புதிதாகச் சுற்ற வேண்டும். வேறு வழி கிடையாது.

கழற்றுவதிலும் ஒரு சிக்கல் இருந்தது. எல்போவிலிருந்து போகும் படுக்கைப் பைப்பின் மறுமுனை சுவரோரம் ஒரு டீயில் மாட்டியிருந்தது. எல்போவிலிருந்து வெளியே எடுக்கத் திருப்பினால் அது டீக்குள் இன்னும் இறங்கும். இதற்காகத்தான் ஜி.ஐ. பாதையில் அங்கங்கே யூனியன் வைக்கிறார்கள். எங்கள் பாதையில் யூனியன் இல்லை. பெரியவர் படுக்கைப் பைப்பை நடுவில் அறுத்தார். யூனியன் உட்காரும் அளவுக்கு ஒரு துண்டை நீக்கினார். இரண்டு முனைகளிலும் புதிதாக மரை போட்டார்.

மரை போடும்போது அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். எண்ணெய் விட்டு, டையைத் திருப்பிக்கொண்டே போனவர், பைப்பின் வாய் டையின் வெளிமுகத்துக்குச் சமமாக வந்ததும் நிறுத்திவிட்டார். “இதுக்கு மேல போனா கூம்பு போயிரும்” என்றார். பைப் டையைத் தாண்டி வெளியே வரும்போது அந்த நீளத்துக்கு மரை ஒரே தடிமனில் நேராகிவிடும். அப்படிப்பட்ட மரையில் எல்போ இறுகாமலே கடைசிவரை போய் முட்டும். முட்டி நிற்பதை இறுக்கம் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். எத்தனை சுற்று டேப் போட்டாலும் அது நிற்காது.

எல்போவைக் கழற்றியபோது பழைய டேப் நூல்நூலாகக் கிழிந்து ஒரு பக்கம் திரண்டிருந்தது. மரையும் இரண்டு இடத்தில் பிய்ந்திருந்தது. மழுங்கிய டை இரும்பை வெட்டாது, கிழிக்கும். அதன் அடையாளம் அது. கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, டையை ஒருமுறை ஓட்டிப் பிசிறு எடுத்து, துணியால் எண்ணெயைத் துடைத்தார்.

எல்போவுக்கு அவர் எடுத்தது டேப் அல்ல, சணல். மரை கொஞ்சம் கரடு, எல்போவையும் குறிப்பிட்ட பக்கம் பார்த்து நிறுத்த வேண்டும் என்று இரண்டு காரணம் சொன்னார். சணல் தண்ணீர் பட்டால் ஊதும். அரைக்கால் சுற்று பின்னால் வந்தாலும் பெரும்பாலும் தாங்கும். ஆனால் வழவழப்பான மரையில் சணல் வழுக்கிப் பின்னால் ஒதுங்கிவிடும். அதனால் அறுவாள் பிளேடால் மரையின் மேட்டில் குறுக்காக லேசாகக் கீறிக்கொண்டார். சணலைக் கோதி மெல்லிய இழையாக்கி, நுனியில் குறைவாகவும் பின்னால் சற்று தடிப்பாகவும் பள்ளங்களில் படியச் சுற்றினார். மேலே பேஸ்ட்டை விரலால் தேய்த்தார். பேஸ்ட்டை ஆண் மரையில் மட்டுமே பூச வேண்டும். எல்போவுக்குள் பூசினால் அது பைப்பின் உள்ளே தள்ளப்பட்டுத் தண்ணீரில் கலக்கும். முன்பெல்லாம் ஒயிட் லெட் பூசுவது வழக்கம். அது ஈயம். குடிக்கிற, சமைக்கிற தண்ணீர் போகும் குழாயில் அதைத் தொடவே கூடாது. ஈயம் இல்லாத பேஸ்ட் கடையில் கேட்டாலே கிடைக்கும்.

யூனியனின் இரண்டு முனைகளுக்கும் டேப் போட்டார். பைப்பின் வாய் நம் முகத்தைப் பார்த்தபடி இருக்க, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் மாட்டும்போதே அவிழ்ந்து திரளும். நுனியில் முதல் மரையை வெறுமையாக விட வேண்டும். இல்லாவிட்டால் டேப்பின் துணுக்கு உள்ளே போய் ஷவரிலோ குழாயின் வடிகட்டியிலோ அடைக்கும். இழுத்துப் பிடித்து, ஒவ்வொரு சுற்றும் முந்தியதின் பாதியை மூடும்படி சுற்ற வேண்டும். மரையின் வடிவம் டேப்பின் மேல் தெரிந்தால் சரியான இழுப்பு. கடைகளில் கிடைக்கும் சாதாரண மெல்லிய டேப் என்றால் அரை இஞ்ச் ஜி.ஐ. மரைக்கு ஆறு முதல் எட்டு சுற்று, ஒரு இஞ்சுக்குப் பத்து சுற்று அளவில் தேவைப்படும். பித்தளைக் குழாயின் மரை வழவழப்பானது, அதற்கு இதில் பாதி போதும். முடித்ததும் வெட்டாமல் இழுத்து அறுத்து, கட்டைவிரலால் நீவிவிட வேண்டும்.

யூனியனின் நடுவில் இருக்கும் பெரிய நட்டின் மரைக்கு டேப் சுற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வீண் வேலை. அங்கே தண்ணீரை நிறுத்துவது உள்ளே முகத்தோடு முகம் அழுந்துகிற இருக்கைதான், மரை அல்ல. டேப் போட்டால் நட்டு இறுகும் உணர்வு மாறி, இருக்கை சரியாக அழுந்தாமல் போகக்கூடும். வாஷர் வைத்து மாட்டும் இணைப்புகளுக்கும் இது பொருந்தும்.

இறுக்குவதற்கு இரண்டு ரெஞ்ச் வேண்டும். ஒன்று பைப்பைப் பிடிக்க, மற்றது எல்போவைத் திருப்ப. ஒன்றை மட்டும் வைத்து இறுக்கினால், நல்லபடியாக இருந்த பக்கத்து இணைப்பு சத்தமில்லாமல் அசைந்து, ஒழுக்கு அங்கே மாறும். கையால் மூன்று நான்கு சுற்று போக வேண்டும். பிறகு ரெஞ்சால் ஒன்றரை முதல் இரண்டு சுற்று. கடைசியில் இரண்டு மூன்று மரை வெளியே தெரிய வேண்டும்.

அப்படி வெளியே தெரிகிற மரைகளுக்கு அவர் துத்தநாகப் பெயின்ட் அடித்தார். டை ஓடிய இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடுகிறது. வெறும் இரும்புதான் மிச்சம். அதோடு அந்த இடத்தில்தான் பைப் மெல்லியது. அரை இஞ்ச் பைப்பில் மஞ்சள் பட்டை போட்ட ஏ கிளாஸின் கனம் 2 மில்லி மீட்டர். மரையின் ஆழம் 1.16. ஆக, பள்ளத்தின் அடியில் 0.84 மில்லி மீட்டர்தான் நிற்கிறது. நீலப் பட்டை போட்ட பி கிளாஸ் 2.6 மில்லி மீட்டர் கனம் என்பதால் அதில் 1.44 மிஞ்சும். சுவருக்குள் புதைக்கும் பைப்புக்கு ஏ கிளாஸ் வாங்கிக் காசு மிச்சம் பிடிப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பல வருடம் கழித்து எல்போவின் கழுத்தில் துரு பூத்து ஒழுகினால், அங்கே மரை விட்டுக்கொடுக்கவில்லை, பைப்பே அரித்துப்போயிருக்கிறது என்று பொருள். அதை ரெஞ்ச் போட்டு இறுக்கினால் கழுத்தோடு முறியும். அதுவரை அறுத்து மாற்றுவதுதான் வழி. ஒழுகும்போதே மேலே எபாக்ஸி பசையை அப்பினால், ஈரத்தில் அது பிடிக்காது. உள்ளிருந்து தள்ளும் தண்ணீர் சில நாளில் அதைப் பிரித்துவிடும்.

வேலை முடிந்ததும் வால்வைத் திறந்து, எல்லா இணைப்பையும் துணியால் உலரத் துடைத்தார். பிறகு ஒவ்வொரு கழுத்திலும் சாக்பீஸைத் தேய்த்தார். தண்ணீர் பைப்பின் மேல் ஓடிப் பள்ளமான இடத்தில்தான் சொட்டும், அதனால் சொட்டும் இடத்தை வைத்து ஒழுகும் இடத்தைச் சொல்ல முடியாது. வெள்ளை எங்கே முதலில் நனைந்து கருக்கிறதோ அதுதான் இடம். அன்றிரவும் மறுநாள் காலையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். எல்போவின் கழுத்தில் சாக்பீஸ் தூள் உலர்ந்தபடியே இருந்தது.