திறப்பைக் கொடுக்கும் முன் ஒரு தாள்

சிறியதொரு காரியாலயம் எடுத்துத் தையல், கணக்கெழுதுதல் என்று தொழில் நடத்தும் சகோதரிகள் இன்று பல ஊர்களிலும் இருக்கிறார்கள். இடத்தை எடுக்கும்போது இரண்டு மூன்று மாத வாடகையை முற்பணமாகக் கட்டுகிறோம். விட்டுப் போகும்போது, "பெயின்ட் அடிக்கவே அது சரியாகிவிடும்" என்று கட்டிடச் சொந்தக்காரர் ஒரே பேச்சில் முடித்துவிடுவார்.

அந்தப் பணம் வாடகைப் பாக்கிக்கும் நாம் செய்த சேதத்துக்கும் ஈடாக அவர் கையில் இருப்பது. பாவனையால் நிறம் மங்குவது சேதமல்ல, சுவரில் ஓட்டை போட்டால் அது சேதம். ஆனால், போகும்போது பெயின்ட் அடித்துத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தால் அதற்கு நாம் கட்டுப்பட்டவர்களே. ஆகவே முதலில் அதை எடுத்து வாசியுங்கள்.

ஒரு சகோதரி மாடி அறையொன்றை மாதம் 30,000 ரூபாவுக்கு எடுத்து, 90,000 ரூபா முற்பணம் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். குடியேறிய அன்றே சொந்தக்காரருடன் அறையைச் சுற்றிப் பார்த்து, "ஜன்னலடிச் சுவரில் ஈரக்கசிவு, பெயின்ட் உரிந்துள்ளது, கதவுப் பூட்டு நல்ல நிலை, மின்மானி வாசிப்பு இவ்வளவு" என்று எழுதி இருவரும் கையொப்பமிட்டார்கள். இதுதான் நிலை அறிக்கை. நான்கு வருடங்களின் பின் சாமான்களை அகற்றி, கூட்டித் துடைத்துவிட்டு, அதே தாளை வைத்து அதே வரிசையில் மீண்டும் பார்த்தார்கள். பூட்டு உடைந்திருந்தது. ஈரக்கசிவு பழையதுதான். அதையும் எழுதி, திகதியிட்ட படங்களும் எடுத்து, திறப்புகளை எண்ணிக் கொடுத்து, கையொப்பம் வாங்கிக்கொண்டார். திறப்பைக் கொடுத்துவிட்டுப் பிறகு அறிக்கை கேட்டால் யாரும் மாடி ஏறி வரமாட்டார்கள்!

சொந்தக்காரர் 45,000 ரூபாவைப் பெயின்ட் செலவென்று கழிக்கப் பார்த்தார். ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் இல்லை. சகோதரி சண்டைக்குப் போகாமல் இப்படி எழுதினார்:

"கடந்த மாதம் 31ஆம் திகதி அறையை ஒப்படைத்தேன். வாடகைப் பாக்கி இல்லை. முற்பணம் 90,000 ரூபாவில் இறுதி மின்கட்டணம் 2,400, பூட்டு மாற்ற 3,600 ஆகியவற்றைக் கழித்து மீதி 84,000 ரூபாவை 14 நாட்களுக்குள் தரவும். சுவரின் ஈரக்கசிவு முதல் அறிக்கையிலேயே உள்ளது. வேறு கழிவு இருப்பின் பற்றுச்சீட்டுடன் தெரிவிக்கவும். இரு அறிக்கைகளின் பிரதிகளும் இணைக்கப்பட்டுள்ளன."

நாம் கொடுக்க வேண்டியதை நாமே கழித்துக் காட்டினால், மற்ற இடங்களில் நமது சொல்லுக்குப் பெறுமதி கூடும். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

முதல் நாள் அறிக்கை எழுதாதவர்கள் வெளியேறும் நாளிலாவது எழுதத்தான் வேண்டும். பழைய படங்களும், ஈரக்கசிவைப் பற்றி அப்போதே அனுப்பிய செய்திகளும் ஓரளவு கைகொடுக்கும்.

அப்படியும் பணம் வராவிட்டால் பிரதேசத்து மத்தியஸ்த சபையில் முறைப்பாடு கொடுக்கலாம். அங்கே சட்டத்தரணி இல்லாமல் நாமே கதைக்கலாம். தொகை சட்டம் குறித்த எல்லைக்குள் இருந்தால், வழக்குப் போடுமுன் அங்கேதான் போக வேண்டும். இணக்கம் ஏற்படாவிட்டால் சபை தரும் சான்றிதழுடன் நீதிமன்றம் செல்லலாம்.