நேர்முகப் பரீட்சையில் எந்தப் பெயரைச் சொல்வது?

கடந்த மாதம் ஓர் இரவு, தங்கையின் மகள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். மறுநாள் காலை கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் அவளுக்கு நேர்முகப் பரீட்சை. சான்றிதழ்கள், உடை, பஸ் நேரம் எல்லாம் தயார். "மாமா, உள்ளுக்குப் போனதும் என்ன பேரைச் சொல்ற?" என்று கேட்டாள். சிறிய கேள்விதான். ஆனால் அதற்கு நான் பிழையாகப் பதில் சொல்லி, பல வருடங்கள் அதனோடு வாழ்ந்தவன்.

என் பெயர் அப்துல் காதர் முஹம்மது நழீர். நம்மவர் வழக்கப்படி முன்னால் இருப்பது வாப்பாவின் பெயர், கடைசியில் இருப்பதுதான் என் பெயர். சுருக்கினால் ஏ.சீ.எம். நழீர். ஆனால் என் முதல் வேலைக்கான விண்ணப்பப் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்று ஒரு கட்டம் இருந்தது. நமக்கு அப்படி ஒன்று கிடையாது. கட்டத்தை வெறுமையாக விடப் பயந்து 'அப்துல் காதர்' என்று எழுதினேன்.

நேர்முகப் பரீட்சைக்குள் நுழைந்ததும், "உட்காருங்கள் மிஸ்டர் காதர்" என்றார் தலைமை தாங்கியவர். வாப்பா மௌத்தாகி அப்போது ஆறு மாதம். வாப்பாவின் பெயரை அந்த அறையில் கேட்டதும் தொண்டை அடைத்தது. திருத்துவது மரியாதைக் குறைவோ என்று பேசாமல் இருந்துவிட்டேன். வேலை கிடைத்தது. நியமனக் கடிதமும், மேசைப் பெயர்ப்பலகையும், முதல் சம்பளக் காசோலையும் காதர் என்ற பெயரிலேயே வந்தன. வங்கிக் கணக்கோ அடையாள அட்டையில் உள்ளபடி நழீர் என்ற பெயரில் இருந்தது. காசோலையை வங்கி ஏற்கவில்லை. அதைச் சரிசெய்யக் கடிதத்துக்கு மேல் கடிதம் கொடுத்தேன். அலுவலகத்தில் மட்டும் கடைசி வரை நான் காதர்தான்.

அறையில் முதலில் சொல்லப்படும் பெயர்தான் பிறகு கடிதங்களில் எழுதப்படும். அதனால் இரண்டு பெயர்களைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று அடையாள அட்டையில் உள்ள முழுப் பெயர். மற்றது அந்த முழுப் பெயருக்குள்ளேயே இருக்கும், உங்களை அழைக்க வேண்டிய பெயர். வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லையென்றால் அதை அங்கே சொல்லக் கூடாது. கையில் உள்ள கோவையில் அப்படி ஒரு பெயரைக் காணாதவர், வேறு ஆளின் கோவையை எடுத்துவிட்டோமோ என்று தேடத் தொடங்குவார்.

தனியார் நிறுவனமென்றால் அழைக்கும் பெயரை முதலில் சொல்லலாம். அரச நேர்முகப் பரீட்சையில் முழுப் பெயரை, அடையாள அட்டையில் உள்ள அதே ஒழுங்கில் முதலில் சொல்வது நல்லது. அங்கே பெயர் கேட்பவர் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தையும் பரீட்சைப் பெறுபேற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருப்பார். முஹம்மது என்ற பெயரை மட்டும் நாம் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! ஆவணத்துக்கு ஆவணம் எழுத்து மாறினால், அந்த இரு பெயர்களுக்கும் உரியவர் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து எடுத்துச் செல்ல வேண்டும். பெயரைச் சரியாகச் சொன்னால் மட்டும் அங்கே போதாது.

பிரிக்கக் கூடாத பெயர்களும் உண்டு. உங்கள் சொந்தப் பெயரே அப்துல் ரஹ்மான் என்றால் 'அப்துல்' என்று மட்டும் அறிமுகமாகாதீர்கள். அடியான் என்று தொடங்கி, யாருடைய அடியான் என்று சொல்லாமல் நிற்கும் சொல் அது. நூருல் ஹுதாவும் அப்படித்தான். இரண்டையும் ஒரே மூச்சில், ஒரு சொல் போலச் சொன்னால் கேட்பவரும் பிரிக்க மாட்டார்.

இனி உச்சரிப்பு. இதில் நாமும் கொஞ்சம் நேர்மையாக இருக்க வேண்டும். ஆங்கில இசட் எழுத்தின் ஒலிக்குத் தமிழில் எழுத்து இல்லை. ரமழான் என்று எழுதுவது போலவே என் பெயரையும் ழகரம் போட்டு எழுதுகிறோம். ஆங்கிலத்தில் இசட் போடுகிறோம். ஊரில் நளீர் என்கிறார்கள், சிங்கள நண்பர்கள் நஸீர் என்கிறார்கள். நம் வீட்டிலேயே ஒரு பெயருக்கு இரண்டு மூன்று ஒலிகள் இருக்கும்போது, வெளியாள் ஒருமுறை தடுமாறியதற்கு மனம் நோகத் தேவையில்லை. சுயவிபரக் கோவையில் எந்த எழுத்தில் இருக்கிறதோ, அந்த எழுத்துக்குப் பொருந்தும் ஒலியையே அங்கே சொல்லுங்கள். கண் பார்ப்பதும் காது கேட்பதும் ஒன்றாக இருந்தால் பாதிப் பிழை வராது.

எதைத் திருத்துவது, எதை விடுவது என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவு இதுதான். வாப்பாவின் பெயரால் உங்களை அழைத்தால் கட்டாயம் திருத்துங்கள். உச்சரிப்பால் உங்கள் பெயர் வேறொரு பெயராகவோ வேறொரு பொருளாகவோ மாறினாலும் திருத்துங்கள். இசட்டில் தொடங்கும் ஸமீரும், எஸ்ஸில் தொடங்கும் ஸமீரும் இரண்டு பெயர்கள், இரண்டு ஆட்கள். பாத்திமாவின் முதல் எழுத்து பகரமாகக் கேட்டது போன்ற நாக்குப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அதில் ஆள் மாறாது.

மருமகளுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அவளுடைய பெயரைக் கொஞ்சம் மாற்றி, அப்துல் வஹாப் பாத்திமா ஸுல்பா என்று வைத்துக்கொள்வோம். உள்ளே மூன்று பேர். நடுவில் இருந்த அம்மணி, "வாருங்கள் மிஸ் பாத்திமா" என்றார். அன்று வெளியே காத்திருந்தவர்களில் இன்னும் இரண்டு பாத்திமாக்கள் இருந்தார்கள். இவள் சிரித்த முகத்தோடு, "காலை வணக்கம் மேடம். என் முழுப் பெயர் பாத்திமா ஸுல்பா. ஸுல்பா என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பெயருக்கு முன்னும் பின்னும் ஒரு நொடி நிறுத்தினாள். பதற்றத்தில் பெயரை ஓட்டிச் சொல்வதால்தான் பாதிப் பேருக்கு அது விளங்குவதில்லை.

பக்கத்தில் இருந்தவர் முதல் கேள்வியை, "மிஸ் சல்ஃபா" என்று தொடங்கினார். சல்ஃபா என்பது ஒரு மருந்து வகை. இவள் அவரை இடைமறிக்கவில்லை. கேள்வி முடிந்து தன் முறை வந்ததும், "நன்றி சேர். அது ஸுல்பா, இசட்டில் தொடங்கும்" என்று சொல்லி, மூச்சு விடாமல் பதிலுக்குள் போய்விட்டாள். திருத்தம் முழுவதும் ஒரு வசனம்தான். பதில் உடனே தொடர்ந்ததால் அவர் மன்னிப்புக் கேட்க வேண்டிய சங்கடமும் வரவில்லை. சிங்களத்தில் பேசும் இடமென்றால், "மட ஸுல்பா கியலா கதா கரன்ன புளுவன்" என்றால் போதும். என்னை இப்படி அழைக்கலாம் என்ற பொருளில் அது திருத்தமாகவே ஒலிக்காது.

அவர் நடுவில் இன்னொரு தடவை சல்ஃபா என்றார். இவள் விட்டுவிட்டாள். ஒரே ஆளை இரண்டு தடவை திருத்தினால் பேச்சு பெயரைப் பற்றியதாகிவிடும். சற்று நேரத்தில் அந்த அம்மணியே "ஸுல்பா" என்று சரியாகச் சொல்ல, அவரும் மாற்றிக்கொண்டார். எழும்பும்போது, "மிக்க நன்றி, ஸுல்பா போய் வருகிறேன்" என்று கடைசியாக ஒருமுறை பெயரை வைத்துவிட்டு வந்தாள்.

"எப்படியும் கூப்பிடலாம், பரவாயில்லை" என்ற ஒரு வசனத்தை மட்டும் சொல்ல வேண்டாம் என்று முதல் நாளே அவளிடம் சொல்லியிருந்தேன். அன்று நான் வாய் திறந்து சொல்லாவிட்டாலும், என் மௌனத்தின் பொருள் அதுதான்.

மூன்று கிழமைக்குப் பிறகு கடிதம் வந்தது. வேலை கிடைத்ததைச் சொல்வதற்கு முன்னால், "மாமா, பேர் சரியா இருக்கு" என்றாள்.