அடுப்பின் நேரமும் திரையின் நேரமும்: சமையல் நிகழ்ச்சிக்கு எழுத்துப்படி அமைத்தல்

சமையல் நிகழ்ச்சி ஒன்றின் எழுத்துப்படி, சமையற்குறிப்பைக் காட்டிலும் கடினமான எழுத்துப் பணியாகும். குறிப்பைப் படிப்பவர் ஓர் இடத்தில் நின்று மீண்டும் படிக்கலாம். திரையின் முன் இருப்பவருக்கோ காட்சி ஓடிக்கொண்டே இருக்கிறது. எழுதுபவர் அந்த ஓட்டத்துள் மூவகைத் தமிழை ஒருங்கே கையாள வேண்டியுள்ளது. திரையில் தோன்றும் எழுத்து 'வதக்கவும்' என்று நிற்கும். தொகுப்பாளரின் வாய்மொழி 'வதக்குங்க' என்று வரும். ஒளிப்பதிவாளருக்கான குறிப்பில் வினையே இராது. 'சட்டியின் ஓரம், அண்மைக் காட்சி' என்பது போதும். இம்மூன்றும் ஒன்றன் இடத்தில் மற்றொன்று புகுந்துவிட்டால், தொகுப்பாளர் பாடநூலை ஒப்பிப்பவர்போல் ஒலிப்பார்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வாழையிலை உணவகங்களில் பலரும் கேட்டு உண்ணும் ஆட்டிறைச்சிப் பிரட்டலை எடுத்துக்கொள்வோம். எட்டு நிமிட அங்கம் ஒன்றுக்கு அதனை எழுதுவதாகக் கொள்க. நால்வருக்கு வேண்டிய பொருள்கள் இவை: எண்ணெய் 4 மேசைக்கரண்டி, பட்டை ஒரு துண்டு, கிராம்பு 4, அன்னாசிப்பூ 1, பெருஞ்சீரகம் 1 தேக்கரண்டி, கறிவேப்பிலை ஒரு கொத்து, நறுக்கிய பெரிய வெங்காயம் 2, இஞ்சி பூண்டு விழுது 1 மேசைக்கரண்டி, இறைச்சிக் கறித்தூள் 3 மேசைக்கரண்டி, மஞ்சள் தூள் அரைத் தேக்கரண்டி, ஆட்டிறைச்சி 500 கிராம், நீர் 500 மில்லி லிட்டர், உப்பு. பட்டியலின் வரிசை, பொருள்கள் சட்டியில் விழும் வரிசையாகவே இருத்தல் வேண்டும். இறைச்சியே தலைமைப் பொருள் என்று அதனை முதலில் எழுதினால், பார்ப்பவர் கண் திரைக்கும் பட்டியலுக்கும் இடையே அலையும்.

பெயர்களிலும் கவனம் தேவை. கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவிலோ பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலோ மசாலை வாங்கச் செல்லும் இளையவர் பொட்டலத்தில் 'ஜிந்தான் மானிஸ்' என்ற மலாய்ப் பெயரைக் காண நேரலாம். அதுவே பெருஞ்சீரகம், தமிழ்நாட்டார் பலர் அதனைச் சோம்பு என்பர். 'ஜிந்தான் பூத்தே' என்பது சீரகம். இரண்டும் மாறினால் பிரட்டலின் மணமே மாறிவிடும். ஆதலால் முதன்முறை பெயர் வரும்போது மட்டும் மலாய்ப் பெயரையும் திரையில் இட்டு, அதன்பின் தமிழ்ப் பெயரையே தொடர்வது நன்று.

பெயரைச் சொல்லும் முறைக்குப் புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்திலிருந்து வரும் 'வில்லேஜ் குக்கிங் சேனல்' நல்ல பாடம். அங்கே ஒவ்வொரு பொருளும் சட்டியில் விழும்போது அதன் பெயர் உரக்கக் கூவப்படுகிறது. 2021 ஜனவரியில் ராகுல் காந்தி அவர்களோடு கலந்துகொண்ட அங்கத்தில், தயிர்ப் பச்சடிக்கான பொருள்களை அவரும் அவ்வாறே தமிழில் பெயர் சொல்லிச் சேர்த்தார். ஒரு பொருள், ஒரு காட்சி, ஒரு சொல் என்பதே அதன் உத்தி. சொல் காட்சிக்கு முந்தியோ பிந்தியோ வந்தால் அது குலைந்துவிடும்.

இனி நேரம். தாளிக்க 1 நிமிடம், வெங்காயம் பொன்னிறமாக 9, இஞ்சி பூண்டின் பச்சை வாடை போக 2, மசாலை வதங்க 4, இறைச்சியைப் பிரட்ட 5, மூடி வேகவைக்க 55, நீர் சுண்ட 12. ஆக, அடுப்பின் நேரம் 88 நிமிடம். திரையின் நேரம் 8. எல்லாவற்றையும் சரிசமமாகச் சுருக்குவது, புதிதாக எழுதுபவரிடம் அடிக்கடி காணும் பிழை. வேகும் 55 நிமிடத்திற்குத் திரையில் பத்து நொடி போதும். மூடிய சட்டியில் காண ஒன்றுமில்லை. மசாலை வதங்கும் 4 நிமிடத்திற்கோ ஒரு நிமிடத்திற்கு மேலேயே கொடுக்கலாம். வீட்டில் சமைப்பவர் தவறுவது பெரும்பாலும் அங்கேதான்.

காரணத்தைப் பார்ப்போம். காய்ந்த எண்ணெயில் கறித்தூளை அப்படியே கொட்டினால் சில நொடிகளில் கருகிக் கசந்துவிடும். ஆகவே சிறிது நீரில் குழைத்து இடுகிறோம். அப்போது சட்டியில் எண்ணெயும் நீரும் தூளும் ஒன்றாய்க் கலந்து, மங்கிய செம்மண் நிறத்தில் கிடக்கும். நீர் ஆவியாகிக் குறையக் குறைய எண்ணெய் தனித்து ஓரத்தில் மினுங்கத் தொடங்கும். இதனையே 'எண்ணெய் பிரிந்து வருதல்' என்கிறோம். கொதிக்கும் 'களகள' ஒலி, பொரியும் 'சடசட' ஒலியாக மாறுவதும் அப்போதுதான். '4 நிமிடம் வதக்கவும்' என்று மட்டும் எழுதினால் போதாது. அடுப்பின் தீயும் சட்டியின் கனமும் வீட்டுக்கு வீடு வேறு. அடையாளத்தை முதலிலும் நிமிடத்தைப் பின்னும் எழுதுவதே முறை. எழுத்துப்படியின் அப்பகுதி இவ்வாறு அமையும்:

காட்சி: சட்டியின் ஓரம், அண்மைக் காட்சி, 8 நொடி. பின்னணி இசை இல்லை.
திரை எழுத்து: எண்ணெய் பிரிந்து வரும் வரை வதக்கவும் (ஏறத்தாழ 4 நிமிடம்).
தம்பி: இறைச்சியப் போட்டுரலாமாக்கா? பசிக்குது.
அக்கா: பசி உனக்கு, மசாலாவுக்கு இல்ல. ஓரத்தப் பாரு, எண்ணெய் தெரியுதா?
தம்பி: ஒன்னும் தெரியலையே.
அக்கா: அப்ப சத்தத்தக் கேளு. இன்னும் கொதிக்கிற சத்தம்தான் வருது. பொரியிற சத்தம் வரட்டும், போடலாம்.

இங்கே நகைச்சுவை தனியே ஒட்டவைத்த ஒன்றன்று. தம்பியின் அவசரம், பார்ப்பவரின் அவசரமே. அவன் கேட்கும் கேள்வியால்தான் அடையாளம் வெளிப்படுகிறது. சமையலோடு தொடர்பற்ற துணுக்கை இவ்விடத்தில் வைத்தால், சிரிப்பு வரும். ஓரத்தில் எண்ணெய் மினுங்கியது எவர் கண்ணிலும் படாது. அத்தகைய பேச்சுக்கு இடம் வேண்டுமானால், வெங்காயம் நறுக்கும்போது வைத்துக்கொள்ளலாம்.

உரையாடலின் நீளத்தைச் சொற்களை எண்ணி அளப்பது தமிழுக்கு ஒத்துவராது. ஆங்கில நிகழ்ச்சிகளுக்கு நிமிடத்திற்கு இத்தனை சொல் என்று கணக்கிடுவர். 'சேர்த்துக்கொள்ளுங்கள்' என்னும் ஒரே சொல் நம் வாயில் எடுக்கும் நேரத்தை அக்கணக்கு அறியாது. கடிகாரத்தை முன்வைத்து, கரண்டியைக் கையில் பிடித்தவாறு உரக்கப் படித்துப் பார்ப்பதே வழி. கிளறிக்கொண்டு பேசுபவரின் வேகம், அமர்ந்து படிப்பவரின் வேகத்தைவிடக் குறைவு.

படப்பிடிப்புக்கென மற்றொரு பட்டியல் உண்டு. பொன்னிறமான வெங்காயம் மீண்டும் வெள்ளையாவதில்லை. அண்மைக் காட்சி தவறினால் அதனைத் திரும்ப எடுக்க மற்றொரு பங்கு வெங்காயமும் மசாலையும் நறுக்கிக் குழைத்து ஆயத்தமாக இருத்தல் வேண்டும். முன்பே 55 நிமிடம் வெந்த இறைச்சி இரண்டாம் சட்டியில் காத்திருக்க வேண்டும். இரு சட்டிகளும் ஒரே அளவாக, ஒரே நிறமாக இல்லாவிடில், மூடியைத் திறந்ததும் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். கிள்ளான் பள்ளத்தாக்கின் பிற்பகல் இடிமழையும் கணக்கில் வரவேண்டிய ஒன்று. தகரக் கூரையின் கீழ், மழையொலியில் அந்தச் 'சடசட' மூழ்கிவிடும். ஒலி தேவைப்படும் காட்சிகளைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. அவ்வேளையில் புகைபோக்கி விசிறியையும் நிறுத்திவிட வேண்டும்.

எழுதி முடித்ததும், இந்தக் கறியை ஒருபோதும் சமைத்திராத ஒருவரிடம் திரை எழுத்துகளை மட்டும் கொடுத்துச் சமைக்கச் சொல்லலாம். அவர் எங்கே நின்று கேள்வி கேட்கிறாரோ அங்கே ஒரு வரி குறைகிறது. பிரட்டலில் அக்கேள்வி பெரும்பாலும், "மூடியை எப்போது எடுப்பது?" என்பதாக இருக்கும். மூடியை வைத்தபடியே நீரைச் சுண்டவைக்க முயன்றால், பிரட்டல் குழம்பாகவே நின்றுவிடும். ஆகவே, 'இறைச்சி விரலால் அழுத்தப் பிய்ந்தால் மூடியை எடுத்துவிட்டு, மசாலை இறைச்சியில் ஒட்டும் வரை பிரட்டவும்' என்னும் வரி திரையில் சேர்கிறது.