பையனுக்குக் காலேஜா, கைத்தொழிலா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுவாரம் எங்கள் அடையாறு குடியிருப்பில் பெற்றோர்கள் சிலர் கூடினோம். "உங்க அக்கா பையன் ஏ.ஸி. மெக்கானிக்காச்சே, நீங்களே நாலு வார்த்தை சொல்லுங்க" என்று என்னை எழுப்பி விட்டுவிட்டார்கள். பேசிப் பழக்கமில்லாத நான் அன்று சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் அக்கா மேற்கு மாம்பலத்தில் இருக்கிறாள். அவள் பிள்ளைக்குக் கணக்கு என்றால் காய்ச்சல். ஆனால் வீட்டில் மிக்ஸி நின்றுவிட்டால் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்து விடுவான். "ஏதாவது ஒரு டிகிரி போடு" என்றார்கள் உறவினர்கள். அக்கா அவசரப்படவில்லை. தி. நகரில் ஒரு ஏ.ஸி. மெக்கானிக்கிடம் கோடை விடுமுறை இரண்டு மாதமும் பை தூக்க அனுப்பினாள். மொட்டை மாடி வெயிலில் வெளி யூனிட்டைக் கழுவிவிட்டுக் கறுத்துப்போய் வந்தவன், மறுநாள் யாரும் எழுப்பாமலே கிளம்பினான். அதுதான் எங்களுக்கு ரிசல்ட்! மூன்றாம் நாளே முனகியிருந்தால் காலேஜ்தான் என்று அக்கா முடிவு செய்திருந்தாள்.

பிறகு கிண்டி அரசு ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனப் பிரிவு, இரண்டு வருஷம். பத்தாவது தேறியிருந்தாலே அதில் சேரலாம். ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷத்தில் சேர வழி இருக்கிறது. ஆகவே படிப்பின் கதவு அடைபட்டுவிடாது. அதன் பின்னும் அதே மெக்கானிக்கிடம் இரண்டு வருஷம் சம்பளத்துக்கு வேலை செய்தான். இந்தப் பழக்கத்தைத்தான் பல பெற்றோர்கள் வீண் என்று நினைக்கிறார்கள்.

ஏன் வீண் அல்ல என்று சொல்கிறேன், கேளுங்கள். ஏ.ஸி.யில் உள்ள காஸ், அடுப்பு காஸ் போலத் தீர்ந்துபோவது இல்லை. குறைந்தால் எங்கோ ஓட்டை என்று அர்த்தம். மயிலாப்பூர், பெசன்ட் நகர் பக்கம் கடற்காற்றின் உப்பு வெளி யூனிட்டின் குழாய்களை அரித்துவிடுகிறது. அரைகுறையாகக் கற்றவன் காஸை நிரப்பிப் பணம் வாங்கிப் போய்விடுவான். இரண்டு மாதத்தில் மறுபடி குளிராது. நன்றாகக் கற்றவன் நைட்ரஜனை அழுத்தி, சோப்பு நுரை பூசி, குமிழி வரும் இடத்தைப் பிடித்து அடைப்பான். அப்புறம் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்த பிறகே, தராசில் எடை பார்த்து காஸ் ஏற்றுவான். அந்த வீட்டுக்காரி பக்கத்து வீட்டுக்கும் அவனையே சொல்வாள். நானே அப்படித்தான் சொல்வேன்!

இனி பணம். பம்ப், கேஜ், தராசு, ஏணி எல்லாமாக அவனுக்கு 45,000 ரூபாய் ஆயிற்று. கடை வைக்கவில்லை, வீடும் பழைய ஸ்கூட்டரும்தான். முதல் வருஷம் மார்ச் முதல் ஜூன் வரை, உதவியாள் கூலியும் பெட்ரோலும் போக, மாதம் சுமார் 28,000 நின்றது. மழை பிடித்ததும் போன் அடங்கிவிட்டது. மற்ற எட்டு மாதமும் சராசரி 12,000தான். அக்காவின் நோட்டுப்படி வருஷத்துக்கு 2,08,000. மாதத்துக்குப் பிரித்தால் 17,000 சொச்சம். கோடைப் பணத்தைப் பார்த்து மோட்டார் சைக்கிளுக்குத் தவணை கட்டத் துடித்தான். அக்கா விடவில்லை; பாதியைத் தபால் ஆபீஸில் போடச் செய்தாள். இரண்டாம் வருஷம் சில கிளினிக்குகளோடும் டியூஷன் சென்டர்களோடும் வருடப் பராமரிப்புக்குப் பேசிக்கொண்டான். மழைக் காலத்திலும் கழுவும் வேலை கிடைத்தது.

கசப்பையும் சொல்லத்தான் வேண்டும். ஒருவர் ஆறு மெஷினுக்கு வேலை வாங்கிக்கொண்டு, "அடுத்த வாரம்" என்றே ஏழு மாதம் இழுத்தார். அதிலிருந்து ஸ்பேர் பார்ட்ஸ் பணம் முன்னால், கூலி பின்னால் என்று வைத்துக்கொண்டான். அதைவிடப் பெரிய பயம் உயரம். மூன்றாம் மாடிச் சுவருக்கு வெளியே தொங்கும் யூனிட்டுக்கு இடுப்புப் பெல்ட் இல்லாமல் போகக் கூடாதென்பது அக்காவின் கண்டிப்பு. இப்போது வரும் சில காஸ்கள் தீப்பற்றக் கூடியவை என்பதால், காஸ் இருக்கும்போதே குழாயைப் பற்றவைக்கக் கூடாதென்பதும் அவனே எனக்குச் சொன்னதுதான்.

பேசி முடித்ததும் ஒரு தாய் எழுந்தார். "எல்லாம் சரிங்க. ஐ.டி.ஐ. படிச்ச பையனுக்கு யார் பொண்ணு குடுப்பாங்க?" எனக்குப் பதில் தெரியவில்லை. அக்காவுக்கும் இன்னும் அந்தக் கவலை உண்டு என்று உள்ளதைச் சொன்னேன்.

வெளியே வரும்போது அவரே என் கையைப் பிடித்தார். "எங்க ஏ.ஸி. உள்ளே தண்ணி சொட்டுது. அந்தப் பையன் நம்பர் குடுங்களேன்!"