தேர்வுக்கு முன் ஒரு தேர்வு: சொந்த நோட்டிலிருந்து எண்பது மதிப்பெண் வினாத்தாள்

பூனா பட்டணத்தின் மகர்பட்டாவில் குடியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளை உள்ள வீட்டை எளிதில் அடையாளம் கண்டுகொள்ளலாம். சாப்பாட்டு மேசையின்மேல் நோட்டுப் புத்தகங்கள் அடுக்கப்பட்டிருக்கும். பிள்ளை அவற்றைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருக்கும். கடந்த ஆண்டு எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. என் மகள் கணக்கு நோட்டை மூன்று முறை முடித்துவிட்டதாகச் சொன்னாள். ஆனால் வாசித்து முடிப்பது வேறு, மூன்று மணி நேரத்தில் எழுதி முடிப்பது வேறு என்பதை, அதே நோட்டிலிருந்து ஒரு முழு வினாத்தாளை உண்டாக்கி அவள் முன் வைத்தபோதுதான் நாங்கள் அறிந்துகொண்டோம். அதை எப்படிச் செய்தோம், எங்கே இடறினோம் என்பதை உங்களுக்கும் பிரயோஜனமாகும்படி எழுதுகிறேன்.

முதலாவது செய்யவேண்டியது கேள்விகளைத் தேடுவது அல்ல, கட்டம் போடுவது. 2025–26 கல்வியாண்டின் சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக் கணக்கு எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண், 3 மணி நேரம், 38 கேள்விகள். அ பிரிவில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 20. அவற்றில் இரண்டு கூற்று–காரணம் வகையைச் சேர்ந்தவை. ஆ பிரிவில் இரண்டு மதிப்பெண் கேள்விகள் 5. இ பிரிவில் மூன்று மதிப்பெண் கேள்விகள் 6. ஈ பிரிவில் ஐந்து மதிப்பெண் கேள்விகள் 4. உ பிரிவில் ஒரு சூழ்நிலையை விவரித்துக் கேட்கப்படும் நான்கு மதிப்பெண் கேள்விகள் 3. இது ஒரு பக்கத்துக் கணக்கு. பாடப்பகுதிகளுக்கு வாரியம் குறித்திருக்கும் எடை மறுபக்கத்துக் கணக்கு. எண்களுக்கு 6, இயற்கணிதத்துக்கு 20, ஆயத்தொலை வடிவியலுக்கு 6, வடிவியலுக்கு 15, முக்கோணவியலுக்கு 12, அளவியலுக்கு 10, புள்ளியியலுக்கும் நிகழ்தகவுக்கும் சேர்த்து 11. இந்த இரண்டு கணக்கும் ஒரே தாளில் ஒத்துப்போக வேண்டும்.

நாங்கள் ஒரு தாளில் ஏழு வரிசைகளும் ஐந்து பத்திகளும் வரைந்து, பல முறை அழித்து எழுதிய பின்பு கிடைத்த பங்கீடு இது:

எண்கள்: 1, 2, 3 மதிப்பெண்களில் ஒவ்வொன்று.
இயற்கணிதம்: ஒரு மதிப்பெண்ணில் ஆறு, 2, 3, 5, 4 மதிப்பெண்களில் ஒவ்வொன்று.
ஆயத்தொலை வடிவியல்: ஒரு மதிப்பெண்ணில் இரண்டு, 4 மதிப்பெண்ணில் ஒன்று.
வடிவியல்: ஒரு மதிப்பெண்ணில் ஐந்து, 2, 3, 5 மதிப்பெண்களில் ஒவ்வொன்று.
முக்கோணவியல்: ஒரு மதிப்பெண்ணில் மூன்று, 2, 3, 4 மதிப்பெண்களில் ஒவ்வொன்று.
அளவியல்: ஒரு மதிப்பெண்ணில் இரண்டு, 3, 5 மதிப்பெண்களில் ஒவ்வொன்று.
புள்ளியியல்: 1, 2, 3, 5 மதிப்பெண்களில் ஒவ்வொன்று.

குறுக்கே கூட்டினால் பாடத்தின் எடை வரும். நெடுக்கே கூட்டினால் பிரிவின் கேள்வி எண்ணிக்கை வரும். இரண்டும் சரியாக வந்தால்தான் கட்டம் முடிந்தது. இது ஒன்றே வழி என்று எண்ணவேண்டாம். அடுத்த தாளில் நான்கு மதிப்பெண் கேள்வியை ஆயத்தொலை வடிவியலிலிருந்து அளவியலுக்கு மாற்றி, மற்றவற்றைச் சரிசெய்துகொள்ளலாம்.

இந்தக் கட்டத்தை நோட்டோடு ஒப்பிட்டபோது எங்களுக்கு ஓர் உண்மை வெளிப்பட்டது. மகளுடைய நோட்டில் இருபடிச் சமன்பாட்டுக்குப் பக்கம் பக்கமாகக் கணக்குகள் இருந்தன. வட்டத்தின் தொடுகோடுகளுக்குத் தேற்றத்தின் வாசகம் மட்டுமே இருந்தது, நிரூபணம் இல்லை. புள்ளியியலில் இடைநிலைக் கணக்கு பாதியில் நின்றிருந்தது. பிள்ளைக்குப் பிடித்த பாடம் நோட்டில் பெருகியிருக்கும், பிடிக்காத பாடம் சுருங்கியிருக்கும். கட்டத்தில் கேள்வி கிடைக்காத இடமே முதலில் படிக்கவேண்டிய இடம். தேர்வு எழுதும் முன்பே அந்தத் தாள் எங்களுக்கு அதைக் காட்டிவிட்டது. விடுபட்டவற்றைப் பாடப்புத்தகத்திலிருந்து நோட்டில் எழுதி நிரப்ப இரண்டு வாரம் ஆயிற்று.

அடுத்து, கேள்விகளை யார் தெரிந்தெடுப்பது? பிள்ளையே தெரிந்தெடுத்தால் தனக்குத் தெரிந்ததையே எடுக்கும். அது மனித சுபாவம். ஆகவே நோட்டிலுள்ள ஒவ்வொரு கணக்கையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பின்புறத்தில் விடை இருக்கும் பக்க எண்ணைக் குறிக்கும்படி அவளிடம் சொன்னேன். சீட்டுகளைப் பாடத்தின்படியும் மதிப்பெண்ணின்படியும் தனித்தனி உறைகளில் போட்டோம். கட்டம் கேட்கும் எண்ணிக்கையை உறைகளிலிருந்து எடுத்தது நான். கணக்குத் தெரியாத பெற்றோரும் இதைச் செய்யலாம். உண்மைத் தாளில் ஆ, இ, ஈ பிரிவுகளில் இரண்டிரண்டு கேள்விகளுக்கு மாற்றுக் கேள்வி உண்டு. உ பிரிவின் ஒவ்வொரு கேள்வியிலும் இரண்டு மதிப்பெண் உட்பிரிவுக்கு மாற்று உண்டு. அவற்றையும் அதே உறையிலிருந்தே எடுக்கவேண்டும். ஒன்று எளிதாயும் மற்றது கடினமாயும் இருந்தால் அது தெரிவு ஆகாது.

எடுத்த கேள்வியை அப்படியே வைத்தால் பிள்ளைக்கு விடை ஞாபகத்திலிருந்தே வந்துவிடும். எண்களை மாற்றவேண்டும். இங்கேதான் நாங்கள் முதலாவது இடறினோம். நோட்டில் இருந்த கணக்கு இது: ஒரு ரயில் 280 கிலோமீட்டர் தூரத்தைச் சீரான வேகத்தில் கடக்கிறது, வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர் கூடியிருந்தால் ஒரு மணி நேரம் குறைந்திருக்கும், வேகம் என்ன? விடை 35. நான் 280 என்பதை 300 ஆக்கினேன். அப்போது சமன்பாடு x² + 5x − 1500 = 0 ஆகிறது; தன்மைகாட்டி 6025; அதற்கு முழு வர்க்கமூலம் இல்லை. மகள் அதனோடு வெகுநேரம் போராடினாள். தவறு அவளுடையதல்ல, என்னுடையது. எண்ணை மாற்றுகிறவர் விடையிலிருந்து புறப்பட்டுக் கேள்விக்குப் பின்னோக்கி வரவேண்டும். வேகம் 45 என்று முதலில் முடிவு செய்தால், தூரம் 45 × 50 ÷ 5, அதாவது 450 கிலோமீட்டர். 45 வேகத்தில் பத்து மணி, 50 வேகத்தில் ஒன்பது மணி. கணக்குச் சரியாய் விழுகிறது. மாற்றிய ஒவ்வொரு கணக்கையும் முந்தின நாளே ஒருவர் முழுமையாகச் செய்துபார்ப்பது அவசியம்.

ஒரு மதிப்பெண் கேள்விகளுக்குத் தவறான விடைகளை எங்கிருந்து எடுப்பது? பிள்ளையின் நோட்டில் சிவப்பு மையால் அடிக்கப்பட்ட இடங்களிலிருந்தே எடுங்கள். 7, 11, 15 என்னும் கூட்டுத்தொடரின் 15ஆம் உறுப்பு 63. முதல் உறுப்பைக் கூட்ட மறந்தால் 56 வரும்; 14க்குப் பதிலாக 15ஆல் பெருக்கினால் 67, 13ஆல் பெருக்கினால் 59. இந்த நான்கையும் விடைகளாகக் கொடுத்தால், எந்த எழுத்தில் குறி போட்டாள் என்பதிலிருந்தே எந்தப் பிழை இன்னும் அவளை விடவில்லை என்று தெரியும்.

இனி நேரம். வாரியத் தேர்வில் காலை 10.15க்கு வினாத்தாள் கையில் வரும், பதினைந்து நிமிடம் வாசிக்க மாத்திரமே, 10.30க்கு எழுதத் தொடங்கி 1.30க்கு முடிக்கவேண்டும். ஒரு சனிக்கிழமை அதே நேரத்தில் அவளை உட்கார வைத்தோம். 180 நிமிடத்தில் 15 நிமிடத்தைச் சரிபார்க்க ஒதுக்கினால் மீதி 165. ஒரு மதிப்பெண்ணுக்கு ஏறக்குறைய இரண்டு நிமிடம். அ பிரிவுக்கு 35, ஆ பிரிவுக்கு 20, இ பிரிவுக்கு 40, ஈ பிரிவுக்கு 45, உ பிரிவுக்கு 25 நிமிடம் என்று பிரித்தோம். ஒவ்வொரு பிரிவையும் முடிக்கும்போது கடிகாரத்தைப் பார்த்து விடைத்தாளின் ஓரத்தில் நேரத்தை எழுதிவைக்கும்படி சொன்னேன். கால்குலேட்டர் தரவில்லை, தொலைபேசி அடுத்த அறையில் இருந்தது.

திருத்தும்போது இறுதி விடையை மட்டும் பார்க்கக்கூடாது. வாரியத்தின் மதிப்பெண் வழிமுறை படிப்படியாகவே கொடுக்கிறது. அரை மதிப்பெண்ணும் உண்டு. உதாரணமாக, ஐந்து மதிப்பெண் இடைநிலைக் கணக்கில் குவிவு நிகழ்வெண் பத்திக்கு ஒன்றரை, இடைநிலை வகுப்பைக் கண்டதற்கு ஒன்று, சூத்திரத்துக்கு ஒன்று, எண்களை இட்டதற்கு ஒன்று, விடைக்கு அரை என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். அவள் கடைசிக் கூட்டலில் தவறினாள்; ஆனாலும் நாலரை கிடைத்தது. திருத்தும் பங்கீட்டைத் தேர்வுக்கு முன்பே எழுதிவைத்தால், பரிதாபப்பட்டு மதிப்பெண் கொடுக்கும் சோதனைக்கு நாம் உட்பட மாட்டோம்.

முதல் தாளில் அவள் பெற்றது 58. இழந்த 22ஐ மூன்றாகப் பிரித்தோம். தெரியாமல் விட்டது 6. தெரிந்தும் கவனக்குறைவால் விட்டது 7. நேரமில்லாமல் தொடாமலே விட்டது 9: ஓர் ஐந்து மதிப்பெண் கணக்கும் கடைசி நான்கு மதிப்பெண் கேள்வியும். ஓரத்தில் எழுதிய நேரத்தைப் பார்த்தால் காரணம் வெளியாயிற்று. 35 நிமிடத்தில் முடிக்கவேண்டிய அ பிரிவுக்கு 50 நிமிடம் எடுத்திருந்தாள், சந்தேகமான நான்கு கேள்விகளை விட்டு நகர மனமில்லாமல். இனி இரண்டு நிமிடத்தில் வராத ஒரு மதிப்பெண் கேள்விக்குப் புள்ளி வைத்துவிட்டு நகர்ந்து, கடைசிப் பதினைந்து நிமிடத்தில் திரும்பி வரவேண்டும் என்று தீர்மானித்தோம். வெறும் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்திருந்தால், அவளை இன்னும் அதிகம் படிக்கச் சொல்லியிருப்போம். அவளுக்கு வேண்டியிருந்ததோ அதுவல்ல.

இந்த முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. நோட்டில் இல்லாதது இந்தத் தாளில் வராது. உண்மைத் தாளிலோ வரும். ஆகையால் நோட்டிலிருந்து இரண்டு தாள் எழுதிய பின்பு, வாரியம் ஆண்டுதோறும் தன் இணையதளத்தில் வெளியிடும் மாதிரி வினாத்தாளை மூன்றாவதாக அதே நேரக் கட்டுப்பாட்டில் எழுதச் செய்யுங்கள். நோட்டுத் தாளில் உயர்ந்தும் வாரியத் தாளில் தாழ்ந்தும் மதிப்பெண் வந்தால் குறை நோட்டில் இருக்கிறது; இரண்டிலும் ஒரே அளவு வந்தால் நோட்டை நம்பலாம். அந்த மாதிரித் தாளைக் கொண்டே அவ்வாண்டின் கேள்வி எண்ணிக்கையையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அமைப்பு அவ்வப்போது மாறுகிறது. மகாராஷ்டிர மாநில வாரியத்தில் படிக்கும் பிள்ளைகளுக்கோ கணக்கு இரண்டு தாள்கள். ஒவ்வொன்றும் 40 மதிப்பெண், இரண்டு மணி நேரம். அவர்களுக்குக் கட்டத்தையே வேறாகப் போடவேண்டும்.

இரண்டாவது தாளின் ஓரத்தில் அ பிரிவுக்கு நேராக மகள் எழுதியிருந்த நேரம் 11.07. கடைசிக் கேள்வியை அவள் முடித்தபோது மணி 1.20. மீதியிருந்த பத்து நிமிடத்தில், புள்ளி வைத்திருந்த மூன்று கேள்விகளுக்குத் திரும்பிப் போனாள்.