பெயர் சொன்னால் திறக்கும் கதவு

ஒரு மருத்துவமனையின் வராந்தாவை நினைத்துக்கொள்ளுங்கள். கூரையை ஒட்டி ஒரு கண்காணிப்பு கேமரா, அதற்குப் போகும் நெட்வொர்க் கேபிள். இரவில் யாரோ நாற்காலி போட்டு ஏறி, அந்தக் கேபிளைக் கழற்றித் தன் லேப்டாப்பில் செருகினால், நோயாளிகளின் ரத்தப் பரிசோதனை அறிக்கைகள் இருக்கும் சர்வர் வரை போக முடியுமா? பல இடங்களில் முடியும்.

கதவு எப்படித் திறக்கிறது?

802.1எக்ஸ் முறையில், ஸ்விட்சில் இணையும் கணினி தன் சான்றிதழையோ கடவுச்சொல்லையோ காட்ட வேண்டும். அதைக் காட்டும் மென்பொருள் பழைய பிரின்டர்கள், கேமராக்கள் பலவற்றில் இருக்காது. சிஸ்கோ ஸ்விட்ச் தன் இயல்பு அமைப்பில், "நீ யார்?" என்று 30 விநாடிக்கு ஒருமுறையாக மூன்று தடவை கேட்டுப் பார்க்கும். 90 விநாடியாகியும் பதில் வராவிட்டால், அந்தக் கருவி அனுப்பும் பாக்கெட்டிலிருந்து மேக் முகவரியை எடுத்து ரேடியஸ் சர்வரிடம் விசாரிக்கும். பட்டியலில் முகவரி இருந்தால் போர்ட் திறக்கும். இதை எம்ஏபி என்கிறார்கள்.

ஆபத்து எங்கே?

மேக் முகவரி ரகசியமல்ல. கேமராவின் முதுகிலேயே ஸ்டிக்கரில் அச்சிட்டிருக்கும். லேப்டாப்பில் அதே முகவரியை வைத்துக்கொள்ள ஒரு வரிக் கட்டளை போதும். ஆக, எம்ஏபி ஆளைச் சரிபார்ப்பதில்லை, பெயரை மட்டும் கேட்டுக்கொள்கிறது. பெயர் மட்டும் சொல்பவரைத் திண்ணையில் உட்கார வைக்கலாம், உள்ளறைக்குள் விடக்கூடாது.

இன்னொரு ஓட்டையைப் பலர் கவனிப்பதில்லை. எம்ஏபியில் பெரும்பாலும் மேக் முகவரியே பயனர் பெயர், அதுவே கடவுச்சொல். அதே ரேடியஸ் சர்வர்தான் அலுவலக வைஃபைக்கும் என்றால், ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணைத் தட்டச்சு செய்தே ஒருவர் வைஃபையில் நுழைந்துவிடலாம். ஃப்ரீரேடியஸில் இதைத் தடுக்கும் பதிவு இப்படி இருக்கும்:

```
00005e005301  Service-Type == Call-Check, Cleartext-Password := "00005e005301"
    Tunnel-Type = VLAN,
    Tunnel-Medium-Type = IEEE-802,
    Tunnel-Private-Group-Id = "40"
```

`Call-Check` என்பது சிஸ்கோ ஸ்விட்ச் எம்ஏபி விசாரணைக்கு மட்டும் ஒட்டி அனுப்பும் அடையாளம். அது இல்லாமல் வரும் கோரிக்கைக்கு இந்தப் பதிவு பொருந்தாது. கீழே உள்ள மூன்று வரிகள் கருவியை 40 என்ற தனி விலானில் தள்ளுகின்றன.

தீர்வு என்ன?

தனி விலான் மட்டும் போதாது. அந்த விலானிலிருந்து எங்கே போகலாம் என்பதையும் கட்டுப்படுத்த வேண்டும். கேமரா தன் பதிவுப் பெட்டியோடு பேசினால் போதும், பிரின்டர் அச்சு சர்வரோடு பேசினால் போதும். கேமராக்கள் ஒன்றோடொன்று பேசவும் தேவையில்லை. இந்தத் தடுப்பு இருந்தால், நாற்காலியில் ஏறியவருக்குக் கிடைப்பது பதிவுப் பெட்டியின் வாசல் மட்டுமே. ஆகவே அந்தப் பெட்டிக்கு வலுவான கடவுச்சொல் அவசியம்.

மாற்றிச் செருகியதைக் கண்டுபிடிக்கவும் வழி உண்டு. கேபிள் வழியாகவே மின்சாரம் வாங்கும் கேமரா என்றால் `show power inline` என்று கேட்டுப் பாருங்கள். இணைப்பு உயிரோடு இருக்கிறது, ஆனால் மின்சாரம் 0.0 வாட் என்றால், அங்கே இருப்பது கேமரா அல்ல. கேபிளுக்கும் கேமராவுக்கும் நடுவே சிறு கருவியைச் சொருகி மின்சாரத்தையும் கடத்தினால் இந்தச் சோதனை ஏமாந்துவிடும். அப்போது காப்பது மேலே சொன்ன தடுப்புதான்.

நடைமுறையில் வரும் தொல்லை ஒன்றும் உண்டு. 90 விநாடி காத்திருக்கப் பொறுமையில்லாத பிரின்டர், ஐபி முகவரி கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிடும். உடனே ஊழியர்கள் "நெட்வொர்க் சரியில்லை" என்பார்கள், அந்த போர்ட்டில் சோதனையையே எடுத்துவிடுவார்கள். எடுக்க வேண்டாம். `dot1x timeout tx-period 10` என்று வைத்தால் காத்திருப்பு சுமார் 30 விநாடியாகக் குறையும். அதற்கும் முன்னால், பிரின்டரின் அமைப்புப் பக்கத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். 802.1எக்ஸ் வசதி அங்கேயே முடக்கப்பட்டுக் கிடக்கலாம். இருந்தால் எம்ஏபியே வேண்டாம்.

நிறுவனத்தின் கடமை

நோயாளியின் அறிக்கையும் கேமராவில் பதிந்த முகமும் தனிநபர் தரவு. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவை வைத்திருக்கும் நிறுவனம் தக்க பாதுகாப்பு ஏற்பாடு செய்தாக வேண்டும் என்கிறது. தவறினால் அபராதம் ₹250 கோடி வரை போகலாம். சட்டம் படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. ஊடுருவல் தெரிந்தால், செர்ட்-இன் அமைப்புக்கு 6 மணி நேரத்துக்குள் நிறுவனம் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு. எந்த போர்ட்டில் எந்த மேக் முகவரி எப்போது வந்தது என்ற ரேடியஸ் பதிவையும் அந்த 180 நாளும் அழிக்காதீர்கள். கேபிள் எந்த இரவில் கழற்றப்பட்டது என்று கேட்டால், அதில்தான் பதில் இருக்கும்.